வரவேண்டிய பாக்கிக்கு வயது என்ன?



பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டு வருபவர்களில், சம்பளத்துக்குப் போகாமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்கள் இப்போது அதிகம். வீட்டிலிருந்து டி.டி.பி. வேலை, வீடியோ எடிட்டிங், மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுதல், கல்யாண ஃபோட்டோ என்று பல தொழில்கள். அவர்களிடம் நாம் முதலில் கேட்பது, "உங்களுக்கு வெளியில் வரவேண்டியது எவ்வளவு?" என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஒரு அறுபதாயிரம் இருக்கும், இழுத்துக்கிட்டே இருக்காங்க" என்பதாக இருக்கும். இருபதாயிரம் கடன் கேட்பவருக்கு அறுபதாயிரம் பாக்கி நிற்கிறது. அதில் எது இந்த மாதம் வரும், எது இழுக்கும், எது வராமலே போகலாம் என்பது அவருக்கே தெரிவதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள வியாபார நிறுவனங்கள் வைத்திருக்கும் ஒரு பட்டியல்தான் 'ஏஜிங் ரிப்போர்ட்'. வயதுவாரிப் பாக்கிப் பட்டியல் என்று சொல்லலாம். கெடு தாண்டி ஒரு பில் எத்தனை நாள் நிற்கிறதோ அதுவே அந்தப் பாக்கியின் வயது. மொத்தத் தொகை நமக்குக் கவலையைத்தான் தரும். முதலில் யாரிடம் போய் என்ன கேட்பது என்பதை வயதுதான் சொல்லும்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் குறிப்பிட்ட தவணை உள்ள கடனைப் பற்றியே பேசுகிறது என்பதை இங்கே நினைவில் கொள்வோம். தொகையோடு தவணையும் எழுத்தில் இருக்க வேண்டும். நம்மில் பலர் பில்லில் தொகையை எழுதுகிறோம், கெடு தேதியை எழுதுவதில்லை. கெடு இல்லாத பில் எந்த நாளிலிருந்து தாமதமானது என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டியல் போடும் முறை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் செய்யலாம். ஒரு பில்லுக்கு ஒரு வரி. A முதல் F வரையான கட்டங்களில் வரிசையாக பில் எண், வாடிக்கையாளர், பில் தேதி, கெடு தேதி, பில் தொகை, வந்த தொகை ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த மூன்று கட்டங்களையும் ஷீட்டே கணக்கிட்டுக் கொள்ளும். இரண்டாம் வரியில் G, H, I கட்டங்களில் இவற்றை இட்டு, கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
G2:  =E2-F2
H2:  =TODAY()-D2
I2:  =IF(G2<=0,"தீர்ந்தது",IF(H2<=0,"கெடு வரவில்லை",IF(H2<=30,"30 வரை",IF(H2<=60,"60 வரை",IF(H2<=90,"90 வரை","90 மேல்")))))
```

G என்பது பாக்கி, H என்பது கெடு தாண்டிய நாட்கள், I என்பது எந்த வயதுக் கட்டம் என்பது. நோட்டில் எழுதுபவர்கள் மாதக் கடைசி நாளில் விரல்விட்டு நாட்களை எண்ணி எழுதினால் அதே பலன்தான். பத்தாவதாக 'காரணம்' என்று ஒரு கட்டத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் அவசியம் கீழே தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு

வல்லத்தில் வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பும் டி.டி.பி. வேலையும் செய்யும் ஒரு சகோதரியை வைத்துக்கொள்வோம். எல்லாப் பில்லுக்கும் 15 நாள் கெடு. செப்டம்பர் 30 அன்று அவருடைய பட்டியல் இப்படி இருக்கிறது:

| பில் | வாடிக்கையாளர் | கெடு தேதி | பாக்கி (ரூ.) | தாண்டிய நாள் |
|---|---|---|---|---|
| 14 | சென்னைப் பதிப்பகம் | ஜூன் 20 | 18,000 | 102 |
| 17 | திண்டிவனம் பள்ளி | ஜூலை 16 | 15,000 | 76 |
| 21 | சென்னைப் பதிப்பகம் | ஆகஸ்ட் 25 | 12,000 | 36 |
| 22 | புதுச்சேரி நிறுவனம் | ஆகஸ்ட் 27 | 5,000 | 34 |
| 24 | செஞ்சி ஜவுளிக்கடை | செப்டம்பர் 20 | 6,000 | 10 |
| 26 | திண்டிவனம் அச்சகம் | அக்டோபர் 7 | 8,000 | கெடு வரவில்லை |

மொத்தம் 64,000 ரூபாய். வயதுவாரியாகப் பிரித்தால், கெடு வராதது 8,000. 30 நாள் வரை 6,000. 31 முதல் 60 வரை 17,000. 61 முதல் 90 வரை 15,000. 90க்கு மேல் 18,000.

இதைப் படிக்கும் முன் ஒரு வரியைச் சரிபார்க்க வேண்டும். புதுச்சேரி நிறுவனத்துக்கு அவர் போட்ட பில் 50,000. வந்தது 45,000. மீதி 5,000 பாக்கி என்று பட்டியல் சொல்கிறது. உண்மையில் அந்த நிறுவனம் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்து, சகோதரியின் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்டியிருக்கிறது. இது தெரியாமல் அந்த நிறுவனத்தை விரட்டினால் நல்ல வாடிக்கையாளர் மனம் கசந்து போவார். வருமான வரி இணையதளத்தில் தன் 26AS படிவத்தில் அந்த 5,000 ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் வந்த தொகையில் 50,000 என்று எழுதி, காரணத்தில் 'டி.டி.எஸ். 5,000' என்று குறித்துவிடலாம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அந்தப் பணம் அவருக்கு வரவாகும். பிடித்திருந்தும் ஏறவில்லை என்றால் அப்போது கேட்கலாம். அப்போதும் கேட்பது பணத்தை அல்ல, டி.டி.எஸ். சான்றிதழை.

இங்கே 5,000 ஏறியிருக்கிறது. ஆகவே உண்மையான பாக்கி 59,000. இப்போது வாடிக்கையாளர் வாரியாகப் பாருங்கள். பதிப்பகம் மட்டும் 30,000 தரவேண்டியிருக்கிறது. மொத்தத்தில் பாதி ஒரே இடத்தில். அதைவிட முக்கியமான விஷயம், பில் 14 வராமல் இருக்கும்போதே பில் 21க்கான வேலையையும் சகோதரி முடித்துக் கொடுத்திருக்கிறார் என்பது. மூன்றாவது புத்தகத்துக்கும் பதிப்பகத்திலிருந்து ஃபோன் வந்துவிட்டது. தனித்தனி பில்லாகப் பார்த்தால் இது தெரியாது. வயதோடு ஒரே பெயரில் வரிசையாக நிற்கும்போதுதான், இது தாமதமாகத் தரும் வாடிக்கையாளர் மட்டுமல்ல, நம் உழைப்பைக் கடனாக வாங்கித் தொழில் நடத்துபவர் என்பது புலப்படும்.

ஒவ்வொரு வயதுக்கும் ஒரு அணுகுமுறை

கெடு வராத அச்சகத்திடம் பணம் கேட்கக் கூடாது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு நினைவூட்டல் போதும். பில் தேதியிலிருந்து நாள் எண்ணுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அப்படி எண்ணினால் இந்தப் பில்லும் எட்டு நாள் பாக்கியாகத் தெரியும், கெடு கொடுத்துவிட்டு நாமே வாக்கை மீறியவர்களாவோம்.

பத்து நாள் தாண்டிய ஜவுளிக்கடைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம்: "ஐயா, பில் எண் 24, ரூ. 6,000, செப்டம்பர் 20 கெடு. பில்லை மீண்டும் இணைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று சொன்னால் நலம்." செய்தியில் பில் எண், தொகை, கெடு தேதி மூன்றும் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு தேதியைக் கேட்க வேண்டும். "பேமென்ட் கொஞ்சம் பாருங்க" என்று மட்டும் அனுப்பினால் "பார்க்கிறேன்" என்றுதான் பதில் வரும்.

பள்ளியின் 15,000 ரூபாய்க்கு 76 நாள் ஆகிவிட்டது. இந்த வயதில் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதில் பலனில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டு விழா மலர் வேலையைச் சொன்னவர் ஓர் ஆசிரியை. பில் அவரிடம்தான் கொடுக்கப்பட்டது. சகோதரியின் கணவர் பள்ளி அலுவலகத்துக்கே போய் விசாரித்தபோது, பில் தாளாளர் மேசைக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. ஆசிரியைக்குப் பணம் தரும் அதிகாரம் இல்லை, அவரை எத்தனை முறை கேட்டும் பயனில்லாமல் போனது அதனால்தான். புதிய பிரதி ஒன்றைத் தாளாளர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினால் இந்தப் பாக்கி தீரும். ஆகவே எந்த வாடிக்கையாளரிடமும் வேலை தொடங்கும்போதே, பில்லை யாரிடம் தரவேண்டும், யார் பாஸ் செய்வார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

102 நாளான பதிப்பகத்தின் நிலை வேறு. இங்கே பில் சேர வேண்டியவரிடம் சேர்ந்திருக்கிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, அவரால் முடியவில்லையா, அல்லது முடிந்தும் தரவில்லையா என்பது. மார்க்கம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அதே சூராவின் 280ஆம் வசனம் சொல்கிறது. வசதி உள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி பதிவாகியுள்ளது. வயதுவாரிப் பட்டியலால் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. 102 என்ற எண் இருவருக்கும் ஒன்றுதான். 'காரணம்' என்ற கட்டம் அதற்காகத்தான்.

பதிப்பாளர், நூலக ஆணைப் பணம் வரவில்லை, தவணையாகத் தருகிறேன் என்கிறார் என்று கொள்வோம். 18,000 ரூபாயை அக்டோபர், நவம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளில் ஆறாயிரமாகத் தர ஒப்புக்கொள்கிறார். இதை எழுத்தில், அவர் கையெழுத்தோடு வாங்க வேண்டும். பில் 21இன் 12,000 வந்த பிறகே மூன்றாவது புத்தகம் தொடங்கும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அவகாசம் கொடுப்பது நற்செயல். அவகாசம் கொடுத்துக்கொண்டே மேலும் கடன் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பட்டியல் பொய் சொல்லும் இடங்கள்

தவணை கொடுத்ததும் பலர் கெடு தேதியை டிசம்பர் 10 என்று மாற்றிவிடுவார்கள். உடனே அந்தப் பில் 'கெடு வரவில்லை' கட்டத்துக்குப் போய்விடும். பட்டியல் அழகாகத் தெரியும், பணம் மட்டும் வந்திருக்காது. பழைய கெடு தேதியை அப்படியே விட்டு, தவணைத் தேதிகளைக் காரணக் கட்டத்தில் எழுதுங்கள்.

எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் வரும் பணம் இன்னொரு சிக்கல். பதிப்பகத்திலிருந்து திடீரென்று 10,000 வந்தால் எதில் வரவு வைப்பது? கொடுப்பவர் எந்தப் பில்லுக்கு என்று சொல்லியிருந்தால் அதில்தான் வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் மிகப் பழைய பில்லில் வைத்து, "பில் 14இல் வரவு வைத்துள்ளேன், மீதி 8,000" என்று உடனே தெரிவித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து இருவர் கணக்கும் ஒத்துப்போகாது.

மூன்றாவது, பட்டியலிலேயே இல்லாத பாக்கி. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, "அப்புறம் பில் போடலாம்" என்று விட்ட தொகைக்கு வயதே ஏறாது. வேலையை ஒப்படைக்கும் நாளிலேயே பில்லையும் அனுப்புங்கள்.

சட்டம் தரும் துணை, அதில் நாம் கவனிக்க வேண்டியது

தனியாகச் சேவைத் தொழில் செய்பவரும் உத்யம் பதிவு செய்து குறு நிறுவனமாகலாம். udyamregistration.gov.in தளத்தில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்கள் தனியார் தரகர்களுடையவை. சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். வேலையில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து "டிசைன் சரியில்லை" என்று சொல்வது இந்தச் சட்டத்தின் முன் எளிதில் நிற்காது. பதிவு வேலை தொடங்கும் முன்பே இருப்பது பாதுகாப்பு. பின்னால் செய்த பதிவு பழைய பில்லுக்குப் பொருந்துமா என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன.

2024 ஏப்ரல் முதல் இன்னொரு விதியும் நடைமுறையில் உள்ளது. குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். ஆகவே பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே அந்தப் பில்லைத் தேடி எடுப்பார். லாபத்துக்கு வரி கட்டும் வியாபார நிறுவனங்களிடம்தான் இது வேலை செய்யும்.

எதற்கும் அசையாதவர் மீது வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். அங்கே உங்கள் பில்களும், பெற்றுக்கொண்ட கையெழுத்தும், வயதுவாரிப் பட்டியலும்தான் ஆதாரம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கும் உரிமையை அதே சட்டம் தருகிறது. கெடு தாண்டியதற்காக அசலுக்கு மேல் வாங்குவது நமக்கு ஹலால் ஆகாது. நம் பில்களில் தாமத வட்டி என்ற வரி இருக்க வேண்டாம். முறையிடும்போது அசலைக் கேளுங்கள். மன்றம் வட்டியும் சேர்த்துத் தீர்ப்பளித்தால் அந்தத் தொகையை என்ன செய்வது என்று ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். வட்டி இல்லாமல் நம்மைக் காத்துக்கொள்ள வழி முன்பணம்தான். பாதி முன்பணம், மாதிரி பார்த்தபின் கால், கடைசி ஃபைல் தரும்முன் மீதி என்று பேசிக்கொண்டால், பட்டியலில் ஏறும் தொகையே குறைந்துவிடும்.

சாதாரணக் கடனுக்கு வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். அது முடிவதற்குள், பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தால், அந்த நாளிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு கிடைக்கும். பதிப்பாளரிடம் தவணையைக் கையெழுத்தோடு வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜகாத்துக்கும் இதே பட்டியல்

ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில் வரவேண்டிய பாக்கியையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் நிச்சயம் வரும் என்று நம்பும் பாக்கியும், வருமா என்று சந்தேகமான பாக்கியும் ஒன்றல்ல. சந்தேகமானதற்கு எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. "மொத்தமா அறுபதாயிரம் வரணும் ஹஜ்ரத்" என்று சொன்னால் இமாமும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது. வயதும் காரணமும் எழுதிய பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் தனித்தொழில் செய்வோர், விண்ணப்பத்துடன் இந்தப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். கடனை மறுப்பதற்காக இதைக் கேட்கவில்லை. பள்ளியின் 15,000 போல ஒரு பில் சரியான மேசைக்குப் போகாததால் நிற்கிறது என்றால், கடன் வாங்காமலே அந்தத் தேவை தீர வழி இருக்கலாம். பதிப்பகத்தின் தவணை போல டிசம்பரில்தான் வரும் என்றால், கடனைத் திருப்பித் தரும் தேதியையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். பட்டியல் போடத் தெரியாதவர்கள் பில்களை எடுத்து வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.

உழைத்தவரின் கூலி உரிய நேரத்தில் அவர் கையில் சேரவும், நாம் பிறருக்குத் தரவேண்டியதை நாமும் கெடு தவறாமல் தரவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.